புதுப் போனில் வைஃபை எடுக்கவில்லையா? ரீசெட் போடாதீர்கள்

மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் பிராட்பேண்ட் லைன் பார்ப்பதுதான் என் தொழில். பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் வைஃபை எடுக்கவில்லை என்றால் போன்தான் கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் ரூட்டர் ஒரு போனைத் தடுக்க முடியும். ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று ஓர் அடையாள எண் உண்டு. உள்ளே விடவேண்டிய கருவிகளின் மேக் முகவரிகளை ரூட்டரில் பட்டியலாகப் போட்டு வைக்கலாம். பட்டியலில் இல்லாத போனுக்கு அனுமதி கிடையாது.

போன வாரம் கருங்கல்லில் ஒரு வீடு. மகன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த போன். கடைக்காரர், "வெளிநாட்டு செட்டு, இங்க எடுக்காதுக்கா" என்று சொல்லி ரீசெட் போட்டுக் கொடுத்திருக்கிறார். போட்டோவெல்லாம் போச்சு. கடைக்காரத் தம்பிகளே, ரீசெட் போடும் முன் இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அங்கே நான் அதைத்தான் செய்தேன், உடனே எடுத்தது. போனில் பழுதில்லை.

பிறகு பழைய போனில் பிரவுசரைத் திறந்து `192.168.1.1` போய்ப் பார்த்தேன். (உங்கள் ரூட்டரின் முகவரியும் லாகினும் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.) வயர்லெஸ் பகுதியில் `MAC Filter` ஆன் ஆகி, `Allow` என்று இருந்தது. பக்கத்து வீட்டார் நெட்டை எடுக்கிறார்கள் என்று எப்போதோ யாரோ போட்டது.

இதற்கு முன் விவரம் தெரிந்த மருமகன் ஒருவர் `About phone` பகுதியில் பார்த்து முகவரியைச் சேர்த்திருந்தார். அப்படியும் எடுக்கவில்லை. காரணம், ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் வைஃபைக்குத் தம் சொந்த முகவரியைக் காட்டாமல் தாமே உருவாக்கிய மாற்று முகவரி ஒன்றைக் காட்டுகின்றன. அந்த வைஃபை பெயருக்குள் போய்ப் பார்த்தால் `DA:3F` என்று தொடங்கியது. இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் மாற்று முகவரிதான். ரீசெட் போட்டால் இதுவும் மாறிவிடும்.

அந்த வைஃபையின் செட்டிங்ஸில் `Privacy` போய் `Use device MAC` கொடுத்தேன். சாம்சங்கில் `Phone MAC` என்று இருக்கும். ஐபோனில் `Private Wi-Fi Address` என்பதை ஆஃப் செய்யவேண்டும். மருமகன் சேர்த்திருந்த முகவரி சரியானதுதான், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டியலில் மட்டும் இருந்தது. சில ரூட்டர்களில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதிலும் சேர்த்து `Apply` கொடுத்ததும் எடுத்தது.

தயவுசெய்து ரூட்டரின் ரீசெட் ஓட்டையில் ஊசி குத்தாதீர்கள். லைனின் யூசர்நேம், பாஸ்வேர்ட் அழிந்து வீட்டுக்கே நெட் போய்விடும். `Allow` என்பதை `Deny` ஆக்கவும் வேண்டாம், பட்டியலில் உள்ள பழைய போன்களெல்லாம் வெளியே போய்விடும்.

மேக் முகவரி காற்றில் மறைவில்லாமல் போவது. தெரிந்தவன் அதை நகலெடுத்து உள்ளே வந்துவிடுவான். பக்கத்து வீட்டுக்காரரைத் தடுக்க நீளமான வைஃபை பாஸ்வேர்ட் போட்டு, இந்த ஃபில்டரை எடுத்துவிடுங்கள்.