வால்யூம் 12 மடங்கு. அதில் டெலிவரி எவ்வளவு?

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் ஷட்டரை இறக்கிய பிறகு, இரவு 9 மணிக்கு மேல்தான் பங்குகளைப் பார்க்கிறார்கள். “இன்னைக்கு வால்யூம் எகிறிடுச்சு, பெரிய கை உள்ளே வந்திருக்கு சார், காலையில எடுத்துடலாமா?” என்ற கேள்வி எங்களுக்கு வருவதும் அப்போதுதான். வாங்கியதில் அன்றே விற்காமல் தங்கிய பங்குகளைக் காட்டும் டெலிவரிக் கணக்கும் பல்க் டீல் பட்டியலும் அந்த நேரத்துக்குள் என்எஸ்இ தளத்தில் வந்திருக்கும். பதில் அங்கேயே இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கம்பெனியின் மொத்தப் பங்குகள் 10 கோடி. வழக்கமாக நாளொன்றுக்கு 5 லட்சம் பங்குகள் கைமாறி, அதில் 2.5 லட்சம் டெலிவரி ஆகும். ஒருநாள் 60 லட்சம் கைமாறி விலை 9 சதவீதம் ஏறுகிறது. என்எஸ்இ தினமும் வெளியிடும் பவ்காப்பி கோப்பில், டெலிவரி விவரமும் உள்ள முழு வடிவத்தில், அன்றைய மொத்த வர்த்தகமான TTL_TRD_QNTY 60 லட்சம், டெலிவரியான DELIV_QTY 6 லட்சம், டெலிவரி சதவீதமான DELIV_PER 10. அதாவது 54 லட்சம் பங்குகள் அன்றே வாங்கி அன்றே விற்கப்பட்ட இன்ட்ராடே வர்த்தகம்.

அந்த 6 லட்சமும் வழக்கத்தைவிட 2.4 மடங்குதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சதவீதத்தை மட்டும் பார்த்து ஒதுக்கக்கூடாது. ஆனால் அதில் இன்ட்ராடேவில் மாட்டிக்கொண்டு வெளியேற முடியாதவர்களும், நாளை காலை விற்க வைத்திருப்பவர்களும் கலந்திருப்பார்கள். இன்று வாங்கி நாளை விற்கும் பிடிஎஸ்டி செய்பவரின் பங்கும் அன்றைக்கு டெலிவரியாகத்தான் பதிவாகும்.

அடுத்து பல்க் டீல் பட்டியல். ஒரே கிளையன்ட் மொத்தப் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல், இங்கே 5 லட்சத்துக்கு மேல், வாங்கினாலோ விற்றாலோ பெயர் வரும். வாங்கிய வரியை மட்டும் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். முழுப் பட்டியலையும் திறந்து அதே பெயரை விற்றவர் பக்கத்திலும் தேடுங்கள். வாங்கியது 8,10,000, விற்றது 8,08,500 என்றால் கையில் தங்கியது 1,500 பங்குதான். அது முதலீடே அல்ல, வேக வர்த்தகம்.

பிளாக் டீல் வேறு. அதற்கென்று தனி வர்த்தக நேரம் உண்டு. குறைந்தபட்ச ஆர்டர் 25 கோடி ரூபாய். டெலிவரி கட்டாயம், அன்றே திருப்பி விற்க முடியாது. அதனால் சுழற்சி என்ற சந்தேகம் அங்கே இல்லை. விற்றவர் யார் என்பதுதான் அங்கே கேள்வி. புரொமோட்டர் தன் குடும்ப நிறுவனத்துக்கே மாற்றியிருந்தால் புதுப் பணம் எதுவும் உள்ளே வரவில்லை. பழைய முதலீட்டு நிதி விலகி, ஒரு மியூச்சுவல் ஃபண்ட் ஏற்றிருந்தால் அதற்கு எடை உண்டு.

டெலிவரி 100 சதவீதம் என்று கண்டால் முதலில் SERIES என்ற நெடுவரிசையைப் பாருங்கள். BE என்றிருந்தால் அது டிரேட்-டு-டிரேட் பங்கு; இன்ட்ராடேவுக்கே வழியில்லாததால் அதில் நடப்பதெல்லாம் டெலிவரிதான். விலை இறங்கும் நாளில் டெலிவரி கூடினால், தீர்மானமாக விற்றுத் தள்ளுபவர் ஒருவர் இருக்கிறார் என்றும் அர்த்தம் கொள்ளலாம்.

மேலே சொன்ன பங்கில் அவசரப்பட வேண்டியதில்லை. அடுத்த நான்கைந்து நாட்களின் DELIV_QTY-யைக் குறித்து வாருங்கள். விலை பெரிதாக ஓடாமல் டெலிவரி 4, 5 லட்சத்திலேயே நின்றால் யாரோ சேர்க்கிறார்கள் என்று நினைக்க இடமுண்டு. பழைய 2.5 லட்சத்துக்கே திரும்பி, விலையும் சரிந்தால் அந்த 9 சதவீத ஏற்றத்தில் வாங்கியவர்தான் மாட்டியிருப்பார்.