ஒப்புதலுக்குப் பிறகு மாறும் வரி

கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பில் கூடி வேலை செய்து கட்டுரைகளை வெளியிடும் சிறு ஆசிரியர் குழுக்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை எழுத்துப் பிழை அல்ல. ஆசிரியர் படித்துச் சரி என்று சொன்ன வாக்கியம் ஒன்று, வெளியான வாக்கியம் வேறொன்று. யாரும் கவனக்குறைவாக இருந்ததில்லை. ஒப்புதல் எந்த வடிவத்துக்குத் தரப்பட்டது என்பது எங்கும் பதிவாகவில்லை, அவ்வளவுதான்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். எழுதுபவர், மொழி திருத்துபவர், ஆசிரியர் என மூன்று பேர். கட்டுரையில் ஒரு வரி: "தேர்ச்சி விகிதம் 40 சதவீதத்திலிருந்து 52 ஆக, அதாவது 12 சதவீதப் புள்ளி உயர்ந்தது." ஆசிரியர் அந்த வரியில் "இந்த எண்ணுக்கு ஆதாரம்?" என்று கமெண்ட் போடுகிறார். எழுதுபவர் இணைப்பைத் தந்துவிட்டு, அவரே Resolve அழுத்துகிறார். ஆசிரியர் "சரி, போடலாம்" என்று செய்தி அனுப்பிவிடுகிறார்.

அப்புறம்தான் மொழி திருத்துபவர் Suggesting முறையில் வருகிறார். சந்தி, ஒற்று, இடைவெளி என்று முப்பது நாற்பது பரிந்துரைகள். அவற்றுக்கு நடுவே, வாக்கியம் நீளமாக இருக்கிறதென்று, "தேர்ச்சி விகிதம் 12 சதவீதம் உயர்ந்தது" என்று சுருக்கிவிடுகிறார். எழுதுபவர் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்து Accept all கொடுக்கிறார். 40 என்பது 52 ஆனால் அது 12 புள்ளி உயர்வு. சதவீதக் கணக்கில் 30 சதவீத உயர்வு. ஆக, வெளியான எண் தவறு. கோப்பைத் திறந்து பார்ப்பவருக்கு எந்தத் தடயமும் தெரியாது. ஏற்ற பரிந்துரை சாதாரண எழுத்தாகவே நிற்கும், மூடிய கமெண்ட்டும் ஓரத்தில் இருக்காது.

இதில் முதல் சிக்கல், Resolve அழுத்துவதை எல்லோரும் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வது. அது பேச்சை மூடுகிறது, எழுத்தை எந்த விதத்திலும் உறுதி செய்வதில்லை. கமெண்ட் போட்டவர்தான் அதை மூட வேண்டும் என்று குழுவில் ஒரே ஒரு விதி வைத்தாலே, கேள்வி கேட்டவர் பதிலைப் பார்த்தார் என்பதற்கு உத்தரவாதம் கிடைத்துவிடும். பதில் தந்தவர் "பார்த்து மூடுங்கள்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். குறிப்பிட்ட ஒருவர் பார்த்தே ஆக வேண்டுமென்றால், கமெண்ட்டில் @ போட்டு அவர் முகவரியைத் தந்து, Assign பெட்டியில் டிக் செய்யலாம்.

இரண்டாவது, மொழித் திருத்தமும் பொருள் திருத்தமும் ஒரே குவியலில் வருவது. எண், பெயர், தேதி, மேற்கோள் இவற்றைத் தொடும் எந்த மாற்றத்தையும் பரிந்துரையாக வைக்காமல் கமெண்ட்டாக எழுதச் சொல்லுங்கள். கமெண்ட்டை Accept all தொடாது. ஒருவர் படித்துப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒற்றுப் பிழைகளுக்கு Accept all கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் இப்படிப் பிரித்த பிறகுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒப்புதல் தரும் அந்த நிமிடத்தில் ஆசிரியர் File பட்டியில் Version history போய், Name current version தேர்ந்தெடுத்து, "ஒப்புதல் 1" என்று பெயர் வைக்க வேண்டும். செய்தியில் "சரி" சொல்வதைவிட இது சில நொடிகள்தான் கூடுதல். ஆனால் எதற்குச் சரி சொன்னோம் என்பது அங்கே நின்றுவிடுகிறது. உடனே பகிர்வு அமைப்பில் மற்ற இருவரையும் Commenter ஆக மாற்றுங்கள். அதன்பின் அவர்கள் செய்வதெல்லாம் பரிந்துரையாகவோ கமெண்ட்டாகவோ மட்டுமே வரும். ஏற்பது ஆசிரியர் கையில். இங்கே ஒரு வரம்பு உண்டு: கோப்பின் உரிமையாளரை இப்படிக் கட்டுப்படுத்த முடியாது. எழுதுபவர் தன் கணக்கில் கோப்பைத் தொடங்கினால் அவர் எப்போதும் நேரடியாகத் திருத்தலாம். அதனால் கோப்பை ஆசிரியரே உருவாக்கி எழுதுபவருக்குப் பகிர்வது நல்லது.

ஏற்கெனவே ஒப்புதல் முடிந்த கோப்பில் சந்தேகம் வந்தால், "ஒப்புதல் 1" பதிப்பிலிருந்து ஒரு நகல் எடுங்கள். அந்த நகலைத் திறந்து, Tools பட்டியில் Compare documents கொடுத்து, இப்போதைய கோப்பைத் தேர்ந்தெடுங்கள். இடையில் மாறியதெல்லாம் ஒரு புதிய கோப்பில் பரிந்துரைகளாக வரிசையாக வந்துவிடும். மேலே சொன்ன 12 சதவீதம் அங்கே தப்பவே தப்பாது. எண்கள் நிறைந்த கட்டுரை என்றால் வெளியிடும் முன் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யலாம், மற்றவற்றுக்குத் தேவையில்லை.

ஒப்புதலுக்குப் பின் உண்மையிலேயே ஒரு திருத்தம் தேவைப்பட்டால் தயங்க வேண்டாம். ஆசிரியர் அந்த ஒரு பரிந்துரையை மட்டும் படித்து ஏற்று, பதிப்புக்கு "ஒப்புதல் 2" என்று பெயர் வைத்துவிட்டு, வெளியிடுபவரிடம் எண் 2 என்று சொன்னால் போதும்.