முதல் சந்திப்புக்குப் பிறகு அனுப்பும் மெயில்: புதிய காப்பீட்டு ஏஜென்டுகளுக்கு

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், தன் முதல் வாடிக்கையாளரைச் சந்தித்துவிட்டு வந்த அன்று இரவே மெயில் அனுப்பிவிட்டார். வேகம் நல்லதுதான். மறுநாள் காலையில் அதை என்னிடம் காட்டினார்.

“வணக்கம் சார். இன்று உங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி. உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற சிறந்த திட்டத்தை இணைத்துள்ளேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எந்தச் சந்தேகம் இருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். நன்றி.”

கூடவே மூன்று கோப்புகள். அதில் ஒன்று நாற்பது பக்கக் கையேடு.

இதில் தப்பு என்று எதையும் காட்ட முடியாது. மரியாதையாக இருக்கிறது, எழுத்துப்பிழை இல்லை. ஆனால் அந்த மனிதர் இதை எப்போது திறப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம், போனில். பக்கத்தில் அவர் மனைவி இருப்பார். சந்திப்பில் அவர் இல்லை. “என்ன பாலிசி? எத்தனை வருஷம் கட்டணும்? கடைசியில் பணம் திரும்ப வருமா?” என்று கேட்பார். நாம் ஐம்பது நிமிடம் விளக்கியதில் பாதிதான் இவருக்கு நினைவிருக்கும், அதிலும் கொஞ்சம் மாறிப் போயிருக்கும். மெயிலைப் பார்த்தால் அதில் ‘சிறந்த திட்டம்’ என்றுதான் இருக்கிறது. சரி, அப்புறம் பார்க்கலாம் என்று போனைக் கீழே வைத்துவிடுவார். ‘பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்பதற்கு வழக்கமாக வரும் பதில் அதுதான்.

நீங்கள் மெயில் அனுப்புவது உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு. அதைப் படித்து முடிவெடுப்பதோ, அந்த அறையில் இல்லாத இன்னொருவரும் சேர்ந்து. எழுதும்போது அந்த இன்னொருவரை மனதில் வையுங்கள்.

அந்தப் பெண்ணிடம் சந்திப்பில் எழுதிய குறிப்புகள் இருந்தன. வாடிக்கையாளருக்கு வயது 38, இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது, கையில் ஒரு சின்ன பழைய பாலிசி. பேசியது டேர்ம் பாலிசி பற்றி. அந்தக் குறிப்புகளை வைத்து இருவரும் உட்கார்ந்து மெயிலைத் திரும்ப எழுதினோம். இப்படி வந்தது:

“பொருள்: டேர்ம் பாலிசி – செவ்வாய்க்கிழமை பேசியதும், உங்களிடம் ஒரு கேள்வியும்

வணக்கம் சார்,

செவ்வாய்க்கிழமை நாம் பேசியதை எனக்குப் புரிந்தபடி எழுதியிருக்கிறேன். எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் இதே மெயிலில் திருத்திச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக் கடன் குடும்பத்தின் தலையில் விழக்கூடாது, பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை வீட்டுச் செலவு நடக்க வேண்டும் என்றீர்கள். அதற்காக உங்கள் ஆண்டு வருமானத்தைப் போல் 12 மடங்கு தொகைக்கு, 22 ஆண்டுக்கு ஒரு டேர்ம் பாலிசி பார்த்தோம். காலம் முடியும்வரை நீங்கள் நன்றாக இருந்தால் இதில் பணம் எதுவும் திரும்ப வராது.

இணைத்திருக்கும் பிரீமியக் கணக்கு மூன்று விஷயங்களை வைத்துப் போட்டது: உங்கள் வயது 38, புகையிலைப் பழக்கம் கிடையாது, வேலை அலுவலகத்துக்குள். இதில் எது மாறினாலும் பிரீமியமும் மாறும். மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு நிறுவனம் பிரீமியத்தைக் கூட்டவும் கூடும். அடுத்த மாதம் உங்கள் பிறந்தநாளுக்குப் பிறகு விண்ணப்பித்தால் 39 வயதுக்கான கணக்குத்தான் வரும்.

விபத்து ரைடர் வேண்டுமா என்பதை நாம் முடிவு செய்யவில்லை. வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னீர்கள்.

உங்கள் பழைய பாலிசியில் எவ்வளவு கவர் இருக்கிறது என்று பார்த்து வியாழக்கிழமைக்குள் எழுதுகிறேன். நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 60 வயது வரை, அதாவது 22 ஆண்டு போதுமா, 65 வரை 27 ஆண்டாக வைக்கலாமா? வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தோடு கணக்கு அனுப்புவேன்.

நிறுவனம் விண்ணப்பத்தை ஏற்று, முதல் பிரீமியமும் செலுத்திய பிறகுதான் கவர் தொடங்கும். அதுவரை பழைய பாலிசியை நிறுத்த வேண்டாம்.”

கோப்பு ஒன்றே ஒன்று. அதன் பெயர் ‘டேர்ம் பிரீமியக் கணக்கு – 38 வயது – 22 ஆண்டு’. கையேட்டை அவர் கேட்டால் அப்புறம் அனுப்பலாம்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பிரீமியக் கணக்கு எதை வைத்துப் போட்டது என்று சொல்லும் பத்தி. புதியவர்கள் விட்டுவிடுவதும் அதைத்தான். சந்திப்பில் லேப்டாப்பைத் திறந்து, வயதைப் போட்டு, புகைப்பழக்கம் ‘இல்லை’ என்று தட்டி, வரும் தொகையைக் காட்டிவிடுகிறோம். வாடிக்கையாளர் மனதில் அந்தத் தொகை மட்டும் ஆணியடித்தது போல் நின்றுவிடும். அதன் அடியில் இருந்த ‘இல்லை’ அவர் கண்ணில் பட்டிருக்காது. பிறகு நிறுவனம் வேறு தொகை சொன்னால், நாம் ஏமாற்றியதாக நினைப்பார். அதைவிட மோசம், தவறான தகவலோடு விண்ணப்பம் போய், பாலிசியும் வந்து, ஓரிரு வருடத்தில் கிளெயிம் நேரத்தில் அது வெளியே வருவது. உண்மையை மறைத்ததாகச் சொல்லி நிறுவனம் தொகையை மறுக்கலாம். அப்போது பதில் சொல்ல அவர் இருக்க மாட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்று, அவர் சொன்ன நோய், சாப்பிடும் மாத்திரை, பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் மெயிலில் கொட்டிவிடாதீர்கள். மெயில் எங்கெங்கோ ஃபார்வர்ட் ஆகும். அலுவலக முகவரியாக இருந்தால் வேறு யாராவது பார்க்கவும் கூடும். “உடல்நிலை பற்றி நீங்கள் சொன்னவற்றை விண்ணப்பப் படிவத்தில் அப்படியே நிரப்ப வேண்டும், அதற்கு நாம் நேரில் உட்காருவோம்” என்று ஒரு வரி போதும். அந்த வரி இருந்தாலே, ‘அதை ஏஜென்டிடம் வாயால் சொல்லிவிட்டேனே, போதாதா’ என்ற நினைப்பு வாடிக்கையாளருக்கு வராது.

கவர் எப்போது தொடங்கும் என்ற வரியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆரம்ப காலத்தில் ஒருவருக்கு, “இனி நீங்கள் கவலையில்லாமல் தூங்கலாம்” என்று மெயிலில் எழுதினேன். எழுதும்போது அழகாகத்தான் இருந்தது. அவர் அதை நம்பி, பழைய பாலிசியின் தவணையைக் கட்டாமல் விட்டுவிட்டார். மருத்துவப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிறுவனம் புது விண்ணப்பத்தை ஆறு மாதம் தள்ளிவைத்தது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அந்த ஆறு மாதத்தில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, என் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து ‘கிடைக்கும்’, ‘உறுதி’, ‘கவலை வேண்டாம்’ ஆகிய மூன்றையும் என் மெயிலில் தேடிப் பார்த்து எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். முதலீட்டோடு சேர்ந்த திட்டம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். விளக்கத் தாளில் உத்தரவாதம் இல்லாத தொகையாகக் காட்டியதை மெயிலில் ‘இவ்வளவு கிடைக்கும்’ என்று எழுதினால், நீங்களே எழுத்தில் வாக்குக் கொடுத்ததாக ஆகிவிடும்.

கேள்வி ஏன் ஒன்றுதான்? ரைடர் வேண்டுமா, எத்தனை ஆண்டு, மாதத் தவணையா ஆண்டுத் தவணையா, நாமினி யார் என்று நான்கு கேட்டால், நான்காவதற்குப் பதில் தெரியாததால் முதல் மூன்றுக்கும் பதில் வராது. எந்த ஒரு பதில் தெரிந்தால் அடுத்த வேலையை நீங்கள் செய்ய முடியுமோ, அதை மட்டும் கேளுங்கள். இந்தச் சந்திப்பில் அது கால அளவு. ரைடரை முடிவாகாத விஷயமாகப் பதிவு செய்தோமே தவிர, அதைக் கேள்வியாக்கவில்லை.

உங்கள் பங்கு வேலைக்கும் ஒரு கிழமை போட வேண்டும். இதைப் பலரும் செய்வதில்லை. வியாழக்கிழமை என்று எழுதினால் வியாழக்கிழமை அந்த மெயில் போய்விட வேண்டும், பழைய பாலிசி விவரம் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றாவது.

பதில் வராவிட்டால் நான்கைந்து நாள் கழித்து அதே மெயிலுக்கு ‘ரிப்ளை’ போட்டு, அதே கேள்வியை இரண்டு வரியில் கேளுங்கள். புதிதாக மெயில் தொடங்கினால் முன்பு பேசியது கீழே இருக்காது. மூன்றாவது முறைக்கு மேல் நான் அனுப்புவதில்லை, ஒரு போன் செய்வேன்.

இந்த வாடிக்கையாளர் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. மூன்றாம் நாளே பதில் வந்தது. அவர் மெயிலை மனைவிக்கு ஃபார்வர்ட் செய்திருக்கிறார். மனைவி அதில் ஒரே வரி எழுதியிருந்தார்: “புகையிலைப் பழக்கம் கிடையாது என்று போட்டிருக்கிறதே, இவர் சிகரெட்டை விட்டு எட்டு மாதம்தான் ஆகிறது, அதைச் சொன்னாரா?”

சொல்லவில்லை. இப்போது பிடிப்பதில்லையே என்று நினைத்து ‘இல்லை’ என்றிருக்கிறார், மறைக்கும் எண்ணம் இல்லை. ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் குறைந்தது 12 மாதம் புகையிலையைத் தொடாமல் இருந்தால்தான் அந்தக் குறைந்த பிரீமியத்தைக் கொடுக்கும். எட்டு மாதம் என்றால் புகைப்பவருக்கான கணக்குத்தான். தொகை நன்றாகவே ஏறியது.

இன்னும் நான்கு மாதம் பொறுத்து விண்ணப்பிக்கலாமா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான்கு மாதம் கழித்தால் புகைப்பழக்கக் கணக்கு இறங்கும், ஆனால் வயது 39 ஆகியிருக்கும். அதுவரை அந்தச் சின்ன பழைய பாலிசியைத் தவிர வீட்டுக்கு வேறு கவர் கிடையாது. நடுவில் உடம்பில் ஏதாவது கண்டுபிடித்தால் அப்போது கிடைக்கும் கணக்கே வேறு. அந்தப் பெண் இவற்றை மூன்று வாக்கியமாக எழுதி, இரண்டு பிரீமியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, “இப்போதா, நான்கு மாதம் கழித்தா?” என்று ஒரே கேள்வியோடு அனுப்பினார். இம்முறை என்னிடம் காட்டவில்லை. மறுநாள் பதில் வந்த பிறகுதான் எனக்கே தெரியும்: இப்போதே, 65 வயது வரை.