பிரான்சில் வீட்டு விருந்து: பக்கத்து வீட்டுக்கு எழுதும் சீட்டும் இரைச்சல் சட்டமும்

பாரிசின் வடக்குப் புறநகரில் ஒரு அடுக்குமாடியின் நான்காம் மாடியில் என் தம்பி குடும்பம் இருக்கிறது. கடந்த ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவர்களுடைய மகளுக்கு முதலாவது பிறந்தநாள். முப்பது பேருக்கு அழைப்பு. விருந்துக்கு ஒரு வாரம் முன்பு, லிப்டில் ஒட்டுவதற்குப் பிரெஞ்சில் ஒரு சீட்டு எழுதித் தரும்படி தம்பி என்னிடம் கேட்டான். அவன் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த வரைவில் இப்படி ஒரு வரி இருந்தது: "அதிகாலை 2 மணி வரை சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்."

"சீட்டு ஒட்டிவிட்டால் பொலிஸ் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாதாமே அண்ணா?" என்றான். அருகில் இருந்த அவனுடைய மாமனார், "வருடத்தில் ஒரு நாள் நள்ளிரவு வரை சட்டமே அனுமதிக்கிறது, தம்பி" என்றார்.

இரண்டுமே தவறு. இந்த நாட்டில் நம்மவர்களிடையே இவை இரண்டும் வாய்வழியாகப் பல ஆண்டுகளாகப் பரவி வருகின்றன. நான் பார்த்த வரையில் பிரெஞ்சுக்காரர்களிடையேயும் இதே நம்பிக்கை இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை சத்தம் போடும் உரிமை எந்தச் சட்டத்திலும் இல்லை. முன்கூட்டி எழுதிய சீட்டு அனுமதிப்பத்திரமும் அல்ல. பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சொல்லி வைத்தாலும் நிலைமை இதேதான். வீட்டு விருந்துக்கு அங்கே எவரும் அனுமதி தருவதில்லை.

சட்டம் சொல்வது என்ன? பிரெஞ்சில் 'தப்பாழ் நொக்தூர்ன்' என்று சொல்லப்படும் இரவுநேர இரைச்சல், குற்றவியல் சட்டத்தின் R623-2 பிரிவின்படி தண்டனைக்குரியது. இரவு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. நடைமுறையில் இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் எழும் சத்தத்துக்கு டெசிபல் அளக்கும் கருவி தேவையில்லை. வந்து நிற்கும் அதிகாரி தன் காதால் கேட்டு, பக்கத்து வீட்டாரின் அமைதி கெடுகிறது என்று முடிவு செய்தால் போதும். முதலில் எச்சரித்துவிட்டுத்தான் அபராதம் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெரும்பாலும் முதலில் சத்தத்தைக் குறைக்கும்படி சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் அது அவர்களுடைய விருப்பம்.

அப்படியானால் இரவு 10 மணிக்கு முன்பு எவ்வளவு சத்தமும் போடலாமா? போடக்கூடாது. நம்மவர்கள் பலருக்கும் தெரியாத இடம் இதுதான். பொதுச் சுகாதாரச் சட்டத்தின் R1336-5 பிரிவு பகலுக்கும் பொருந்தும். சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது, எவ்வளவு பலமாக இருக்கிறது என்ற மூன்றில் ஏதாவது ஒன்றினால் அயலாரின் அமைதி குலைந்தாலே அது மீறல். மாலை 5 மணிக்குத் தொடங்கி ஐந்து மணி நேரம் விடாமல் பேஸ் அதிரும் பாட்டு இதற்குள் வந்துவிடும். நாம் எழுப்பும் சத்தம் மட்டுமன்றி, நம் பொறுப்பில் இருப்பவர்களும் பொருள்களும் எழுப்பும் சத்தத்தையும் அந்தப் பிரிவு நம் கணக்கிலேயே எழுதுகிறது.

அப்படியிருந்தும் சீட்டு எழுதுங்கள் என்றுதான் தம்பியிடம் சொன்னேன். சட்டத்தை மாற்ற அதனால் முடியாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் கை எந்த எண்ணை அழுத்தும் என்பதை அது மாற்றும். இரவு 9.30 மணிக்குத் தலைக்கு மேல் சத்தம் கேட்கும்போது, மேலே யார், எதற்காக, எப்போது முடியும் என்று எதுவுமே தெரியாதவர் பொலிஸின் 17ஐ அழைப்பார். சுவரில் உங்கள் போன் எண்ணும் முடியும் நேரமும் இருந்தால் உங்களை அழைப்பார். அந்த ஒரு அழைப்பு நமக்கு வர வேண்டும் என்பதற்காகவே சீட்டு.

இந்த நோக்கத்தில் பார்த்தால், "2 மணி வரை சத்தம் இருக்கும்" என்ற வரி ஏன் ஆபத்தானது என்று புரியும். சட்டத்தை மீறப் போகிறோம் என்று நம் கைப்பட எழுதி, பெயரும் வீட்டு எண்ணும் போட்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுவதற்குச் சமம் அது. நாளைக்கு வீட்டு உரிமையாளரிடம் முறைப்பாடு போனால், அந்தச் சீட்டின் படமும் கூடவே போகலாம். ஆகவே அந்த வரியை எடுத்துவிட்டோம். இசை இரவு 10 மணிக்கு நிற்கும் என்று முடிவு செய்து, அதற்கேற்றபடி விருந்தையே மாலை 4 மணிக்கு முன்தள்ளினோம். கேக் வெட்டுவது 8 மணிக்கு என்று இருந்ததை 6 மணிக்கு மாற்றியதில்தான் வீட்டில் கொஞ்சம் வாக்குவாதம். தூரத்திலிருந்து வருபவர்கள் தவறவிடுவார்கள் என்றார்கள். அழைப்பிலேயே 4 மணி என்று திரும்பச் சொன்னதும் எல்லோரும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கடைசியில் பிரெஞ்சில் எழுதிய சீட்டின் பொருள், திகதியையும் போன் எண்ணையும் விட்டால், இவ்வளவுதான்:

"வணக்கம். நாங்கள் நான்காம் மாடி, லிப்டுக்கு இடப்பக்க வீட்டில் இருக்கிறோம். வரும் சனிக்கிழமை எங்கள் மகளின் முதலாவது பிறந்தநாளைக் குடும்பத்தோடு கொண்டாடுகிறோம். மாலை 4 மணி முதல் வழக்கத்தைவிடச் சத்தம் கூடுதலாக இருக்கலாம். இரவு 10 மணிக்கு இசையை நிறுத்திவிடுவோம். அதற்கு முன்பும் உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் தயங்காமல் கதவைத் தட்டுங்கள், அல்லது இந்த எண்ணுக்கு அழையுங்கள். உங்கள் பொறுமைக்கு நன்றி."

ஆறேழு வரி. லிப்டில் நின்று நான்கு மாடி ஏறுவதற்குள் வாசித்து முடித்துவிடலாம். திகதியைக் கிழமையோடு சேர்த்து எழுதுங்கள். 'இந்தச் சனி' என்று மட்டும் எழுதினால் புதன்கிழமை பார்ப்பவருக்கும் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பவருக்கும் வேறு வேறு பொருள் வரும். பிரெஞ்சில் நேரத்தை 22 மணி என்றே எழுதுவார்கள். 10 என்று போட்டால் காலையா இரவா என்ற குழப்பம் வரும்.

எழுதுவதைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே வளரும் பிள்ளைகள் நண்பர்களோடு 'தூ' போட்டுப் பேசிப் பழகியவர்கள். அயலாருக்கு எழுதும் சீட்டில் 'வூ' தான் வர வேண்டும். 'நீ' என்று எழுதுவதற்கும் 'நீங்கள்' என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. அறுபது வயது மதாம் ஒருவர் படிக்கும்போது அந்த ஒரு சொல்லிலேயே சீட்டின் மரியாதை நின்றுவிடும் அல்லது போய்விடும். என் தம்பியின் மூத்த மகன் எழுதிய முதல் வரைவில் இதைத்தான் திருத்தினோம். மற்றபடி எழுத்துப்பிழை இரண்டு இருந்தாலும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

லிப்டில் ஒட்டியதோடு நிறுத்த வேண்டாம். கீழ் வீடு, மேல் வீடு, சுவரைப் பகிரும் பக்கத்து வீடு ஆகியவற்றின் தபால் பெட்டியில் தனித்தனியாக ஒன்று போடுங்கள். முடிந்தால் கையில் கொடுங்கள். கொங்கிரீட் கட்டடத்தில் அதிகம் பாதிக்கப்படுபவர் கீழ் வீட்டுக்காரர். பாட்டுச் சத்தம் கதவிலும் சன்னலிலும் ஓரளவு தடைபடும். குழந்தைகள் ஓடும் ஓட்டமும், நாற்காலி இழுபடுவதும், தரையில் வைத்த ஸ்பீக்கரின் பேஸும் தளத்தின் வழியே நேராகக் கீழே இறங்கும். தம்பி வீட்டில் ஸ்பீக்கரைத் தரையிலிருந்து எடுத்து, மடித்த தடித்த விரிப்பின் மேல் மேசையில் வைத்தோம். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியிருந்த இடத்திலிருந்து அறையின் நடுப்பக்கம் நகர்த்தினோம். பேஸைக் குறைத்தோம். கீழ் வீட்டு மதாமிடம் போய்க் கேட்டபோது, பாட்டு அவ்வளவாகக் கேட்கவில்லை, ஓடும் காலடிதான் கேட்கிறது என்றார். உடனே பிள்ளைகளை விளையாட வேறு அறைக்கு அனுப்பி, அங்கே கம்பளம் விரித்தோம்.

இரவு 10 மணிக்கு இசை நின்றது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. நம் வீட்டு விருந்துகளில் விடைபெறுவதற்கே அரை மணி நேரம் வேண்டும். கதவடியில் நின்று ஒரு பேச்சு, லிப்டுக்காகக் காத்து நின்று இன்னொன்று, கீழே காருக்கருகில் பலகாரப் பை கைமாறும்போது மூன்றாவது. படிக்கட்டுப் பகுதியில் குரல் மாடி முழுக்க எதிரொலிக்கும். முறைப்பாடு வருவது பல வேளைகளில் இந்த அரை மணி நேரத்தால்தான். விடைபெறுவதை வீட்டுக்குள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு முடித்துவிட்டு, மூன்று மூன்று பேராக அனுப்பினோம். சிலருக்கு மனவருத்தம் இருந்திருக்கும். தம்பி வாசலில் நின்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டதால் பொறுத்துப் போனார்கள்.

இவ்வளவு செய்தும் பொலிஸ் வந்தால், கதவைத் திறந்தவரே முதலில் இசையை நிறுத்த வேண்டும். வாதிடக் கூடாது. அறையில் உள்ள மற்றவர்கள் வாசலுக்கு வரக் கூடாது. சீட்டைக் காட்டி உரிமை கோரினால் பயனில்லை. அயலாருக்கு அறிவித்திருந்தோம், இப்போதே முடிக்கிறோம் என்று சொல்வதற்கு மட்டும் அது உதவும்.

அபராதம் எழுதினால் தொகை 68 யூரோ. அந்த இடத்திலேயோ 45 நாட்களுக்குள்ளோ கட்டினால் அவ்வளவுதான். 45 நாள் கடந்தால் 180 யூரோ. வழக்கு நீதிமன்றம் வரை போனால் 450 யூரோ வரை விதிக்கலாம். தவறு நம்முடையதல்ல என்று நினைத்தால் அதே 45 நாட்களுக்குள் எழுத்தில் மறுக்கலாம். ஆனால் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு மறுக்க முடியாது, கட்டுவது ஒப்புக்கொள்வதாகும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு பக்கம் உண்டு. 1989 ஜூலை 6ஆம் திகதிச் சட்டம், குடியிருப்பவர் வீட்டை அமைதியாகப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. ஒரு பிறந்தநாளுக்காக யாரும் வீட்டை இழப்பதில்லை. மாதாமாதம் இரைச்சல், அயலாரின் கடிதங்கள் என்று கோப்பு தடித்துக்கொண்டே போனால், ஒப்பந்தத்தை முறிக்கும்படி உரிமையாளர் நீதிபதியிடம் கேட்கலாம். அயலாரும் தனியாக இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். அதற்கு முன்பு சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது விதி. 'கொன்சிலியாத்தர் த ழுஸ்தீஸ்' என்னும் நீதித்துறைச் சமரசர் இதை இலவசமாகச் செய்துவைப்பார், நகரசபையில் கேட்டால் நேரம் வாங்கித் தருவார்கள். அவரிடமிருந்து கடிதம் வந்தால் பயந்து ஒதுங்காமல் போங்கள். பிரெஞ்சு தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி வீட்டுக்கு பொலிஸ் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் லிப்டிலிருந்து சீட்டைக் கழற்றப் போனான். அதன் கீழ் மூலையில் யாரோ பேனாவால் குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருந்தார்கள். கீழ் வீட்டு மதாமுக்கு ஒரு தட்டில் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.