இணையத்திலிருந்து ஒட்டிய பட்டியலில் சில வரிகள் மட்டும் ஏன் தள்ளி நிற்கின்றன?

மதுரை மாட்டுத்தாவணிக்கு அருகே டி.டி.பி. வேலை செய்துவரும் எனக்கு, இந்தச் சிக்கல் வாரத்திற்கு ஒரு முறையாவது வந்துவிடுகிறது. அண்மையில் மேலூர்ப் பக்கத்து மகளிர் குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர், கடன் விண்ணப்பத்துக்குத் தேவையான ஆவணங்களின் பட்டியலை ஓர் இணையதளத்திலிருந்து எடுத்து வேர்டில் ஒட்டிக் கொண்டுவந்தார். மொத்தம் ஒன்பது வரிகள். முதல் ஐந்தும் ஒரே நேர்கோட்டில் நின்றன. மற்ற நான்கும் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றன. அவற்றைச் சரிசெய்ய அவர் ஸ்பேஸ் பட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்திருந்தார்.

அந்தப் பக்கத்தைத் தயாரித்தவர் முதல் ஐந்தை மட்டும் முறையான பட்டியலாக அமைத்திருக்கிறார். மற்ற நான்கிலும் புள்ளியையும், வரி மடங்கும்போது இரு பக்கத்துச் சொற்களையும் பிரியவிடாத உடையா இடைவெளிகள் மூன்றையும் எழுத்தைப் போலவே தட்டியிருக்கிறார். பிரவுசர்கள் பட்டியலுக்கு இயல்பாக 40 பிக்சல் இடம் விடுவதும், அதைத் தளங்கள் தத்தம் விருப்பப்படி மாற்றிக்கொள்வதும் உண்மைதான். இங்கே அது காரணமன்று.

கண்டறிவது எளிது. புள்ளியின் மீது ஒரு முறை சொடுக்கினால், முறையான பட்டியலாக இருப்பின் அந்த நிலையிலுள்ள புள்ளிகள் எல்லாம் சாம்பல் நிறம் பெறும். போலிப் புள்ளியானால் அதனருகே கர்சர் நிற்கும், அவ்வளவுதான். Ctrl+Shift+8 அழுத்தினால் உடையா இடைவெளி சிறு வட்டமாகவும், சாதாரண இடைவெளி நடுப்புள்ளியாகவும் தெரியும். நீண்ட வரி இரண்டாம் வரிக்கு மடங்கும்போது, அது எழுத்துக்கு நேராக நில்லாமல் புள்ளிக்கு நேர்கீழே வந்து நிற்பதும் போலிக்கு அடையாளம். இடைவெளியைத் தட்டி நேராக்கியது நம் திரையில் சரியாகத் தெரிந்தாலும், லதா எழுத்துரு நிர்மலாவாக மாறியதும் இடைவெளியின் அகலம் மாறி மீண்டும் கலைந்துவிடும்.

அக்காவின் கோப்பில் Ctrl+H திறந்து, Find what பெட்டியில் இதை இட்டு, Replace with பெட்டியை வெறுமையாக விட்டு நீக்கினேன்:

```
•^s^s^s
```

உடையா இடைவெளியைக் குறிக்கும் `^s` மட்டும் இட்டு எல்லாவற்றையும் நீக்கிவிடக் கூடாது. "18 வயது" போன்ற இடங்களில் எண்ணும் சொல்லும் ஒட்டிக்கொள்ளக்கூடும். அக்கா தட்டிய ஸ்பேஸ்களைக் கையால் அழித்த பின், ஒன்பது வரிகளையும் தேர்ந்தெடுத்து Ctrl+Shift+L அழுத்தி List Bullet பாணியைக் கொடுத்தேன். தொடர்ந்து Ctrl+Q அழுத்தியதும், பத்திகளில் தனியாக ஏறியிருந்த உள்தள்ளல்கள் உதிர்ந்து பாணியின் அளவு மட்டும் எஞ்சியது. பாணி மாறாமல், ரூலரை இழுத்துச் சரிசெய்வதை நான் ஆதரிப்பதில்லை. அது தேர்ந்தெடுத்த வரிகளை மட்டுமே நகர்த்தி, அடுத்துச் சேர்க்கும் வரியில் பழைய குளறுபடியைத் திரும்பக் கொண்டுவரக்கூடும்.

ஒட்டும்போதே Keep Text Only என்பதைத் தேர்ந்தெடுத்தால் வேலை கொஞ்சம் குறையும். ஆனால் எழுத்தாகத் தட்டிய புள்ளியும் இடைவெளியும் அப்படியே வரும்; அவற்றை மேலே சொன்னபடி நீக்கத்தான் வேண்டும். தடித்த எழுத்தும் இணைப்பும் போய்விடும். பட்டியலுக்குள் உள்பட்டியல் இருந்தால் அந்த அடுக்கும் அழிந்துவிடும். அப்போது மூலப் பக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, List Bullet கொடுத்த பின், உள்ளே செல்ல வேண்டிய வரியின் தொடக்கத்தில் கர்சரை வைத்து டேப் அழுத்த வேண்டும். அந்த அக்காவின் பட்டியலில் அடுக்குகள் இல்லாததால், பத்து நிமிடத்தில் அச்செடுத்துக் கொடுக்க முடிந்தது.