அர்ஜுனன் கேட்டானா, கேட்கவில்லையா?

அன்புள்ள டீச்சர்,

பிரிக்பீல்ட்ஸ் கீதை வகுப்பில் "13.1-ஐ வாசியுங்கள்" என்றதும் ஒருவர் கண்ணன் பேச்சை வாசிக்க, இன்னொருவர் அர்ஜுனன் கேள்வியை வாசித்தார், மூன்றாமவர் "எனக்கு எண்ணே இல்லையே" என்று விழித்தார் என எழுதியிருந்தீர்கள். அச்சுப்பிழை உள்ள புத்தகத்தை மாற்றித் தரவும் கேட்டிருந்தீர்கள். மூன்றையும் நூலக மேசையில் விரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் பிழை இல்லை, அதனால் மாற்றித் தர வழியில்லை!

கோரக்பூர் கீதா பிரஸ் பதிப்பில் 13-ஆம் அத்தியாயம் "இதம் சரீரம் கௌந்தேய" என்று கண்ணன் சொல்வதில் தொடங்கி 34 சுலோகங்களில் முடிகிறது. இஸ்கான் பதிப்பில் அதற்கு முன்னால் "ப்ரக்ருதிம் புருஷம் சைவ" என்று அர்ஜுனனின் கேள்வி ஒன்று வருகிறது. அங்கே இரண்டையும் சேர்த்து 1–2 என்று எண்ணிட்டிருக்கிறார்கள், மொத்தம் 35. ராதாகிருஷ்ணனின் ஆங்கில உரையில் கேள்வி அச்சாகியிருக்கிறது, ஆனால் எண் தரவில்லை. சேர்த்தால் கீதை 701 ஆகிவிடும், மரபுக் கணக்கு 700 என்று அடிக்குறிப்பில் காரணமும் சொல்லிவிடுகிறார்.

இந்த 700 பழைய கணக்கு. ஆதிசங்கரர் தம் உரையின் முன்னுரையிலேயே எழுநூறு சுலோகங்கள் என்கிறார். அந்தக் கேள்விக்கு அவர் உரை எழுதவில்லை, ராமானுஜரும் எழுதவில்லை. சொல்லுக்குச் சொல் உரை சொல்கிறவர்கள் ஒரு முழுச் சுலோகத்தைத் தாண்டிப் போனால், அவர்கள் கையில் இருந்த ஏட்டில் அது இல்லை என்று கொள்வதே இயல்பு. ஏடுகளை ஒப்பிட்டுப் புனே பண்டார்கர் நிறுவனம் வெளியிட்ட மகாபாரதப் பதிப்பும் அதை மூலத்தில் சேர்க்கவில்லை.

பிறகு எப்படி உள்ளே வந்தது? கேள்வியைப் பாருங்கள்: பிரகிருதி, புருஷன், க்ஷேத்திரம், க்ஷேத்திரத்தை அறிபவன், அறிவு, அறியப்படுவது என ஆறு சொற்கள். அத்தியாயம் இந்த ஆறையும்தான் விளக்குகிறது. பதிலைப் படித்த யாரோ அதற்குப் பொருத்தமாகக் கேள்வியை எழுதி முன்னால் வைத்தது போலிருக்கிறது என்பது என் ஊகம். கேள்வி இல்லாமல் கண்ணன் தானே பேச்சைத் தொடங்குவது கீதையில் அபூர்வம் இல்லை. 4, 7, 9, 15 என்று பல அத்தியாயங்கள் அப்படித்தான்.

சரி, இஸ்கான் பதிப்பில் ஒன்று கூடியிருக்கிறதே, மொத்தம் 701 வர வேண்டாமா? கூட்டிப் பார்த்தேன். 700தான் வந்தது! இரண்டாவது தடவையும் கூட்டினேன், மாறவில்லை. அப்புறம்தான் முதல் அத்தியாயம் கண்ணில் பட்டது. கீதா பிரஸில் அது 47, இஸ்கானில் 46. ஆனால் முதல் அத்தியாயத்தில் ஒரு வரிகூட விடுபடவில்லை.

சாதாரணச் சுலோகம் 32 அசை, அச்சில் இரண்டு வரி. அர்ஜுனன் இரு படையிலும் யார் யாரைக் கண்டான் என்ற பட்டியல் மூன்று வரி ஓடுகிறது: தந்தையர், பாட்டனார், ஆசிரியர், மாமன்மார், சகோதரர், மக்கள், பேரர், தோழர், கடைசி வரியில் மாமனாரும் நண்பர்களும். கீதா பிரஸ் இரண்டு வரிக்கு ஓர் எண் என்று வைத்துக்கொள்வதால் மாமனார் 27-க்குப் போய்விடுகிறார். இஸ்கான் பட்டியலை உடைக்காமல் மூன்று வரியையும் 26-இலேயே வைக்கிறது. அங்கிருந்து அரை சுலோகம் தள்ளிப்போகிறது. 36-இல் மறுபடி ஒரு மூன்று வரி வந்ததும் இன்னோர் அரை சேர்ந்து, ஓர் எண் முழுதாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே ஓரிடத்தில் ஒன்று கூட, வேறிடத்தில் ஒன்று குறைய, மொத்தம் மட்டும் ஒத்துப்போகிறது. வெறும் 700-ஐப் பார்த்து இரண்டு பதிப்பும் ஒன்றுதான் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நானும் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன்.

வகுப்புக்கு இப்படிச் செய்யலாம். புத்தகத்தை வாங்கியதும் 13-ஆம் அத்தியாயத்தின் கடைசி எண்ணைப் பாருங்கள். 34 என்றால் கேள்வி எண்ணப்படவில்லை, 35 என்றால் எண்ணப்பட்டிருக்கிறது. 35 உள்ளவர் அந்த அத்தியாயத்தில் மட்டும் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். "ஸர்வத: பாணிபாதம்" 34 உள்ளவரிடம் 13.13, 35 உள்ளவரிடம் 13.14. பதினாலாம் அத்தியாயத்துக்கு இந்தக் கழித்தல் வேண்டாம். முதல் அத்தியாயத்தில் மட்டும் கழித்தல் கணக்கு உதவாது, நடுவில் அரை அரையாக நகர்வதால் 26 முதல் 36 வரை எண்கள் நேருக்கு நேர் பொருந்தாது. அங்கே சுலோகத்தின் முதல் சொல்லைச் சொல்லித்தான் தேட வேண்டும். கீதா பிரஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் முதற்குறிப்பு அகராதி இருக்கிறது. அந்தப் பக்கங்களை நகலெடுத்து வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நூலகர்