கேஒய்சி: யாருடைய வாடிக்கையாளரை யார் அறிந்துகொள்வது?

மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் சிறு நிறுவனங்களின் படிவங்களில் முதல் பக்கத்தின் உச்சியில் தடித்த எழுத்தில் இப்படி ஒரு தலைப்பு இருக்கும்: “உங்கள் வாடிக்கையாளரை அறிந்து கொள்ளுங்கள் படிவம்”. இதை நிரப்ப வேண்டியவர் கடன் கேட்டு வந்த பெண். அவர் தையல் கடை வைத்திருந்தால், அவருடைய வாடிக்கையாளர்களை அவர் நன்றாகவே அறிவார். யார் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டுக் காசு பாக்கி வைத்திருக்கிறார் என்பது வரை தெரியும். அவரைப் போய் இன்னும் அறிந்துகொள்ளச் சொல்கிறது படிவம்.

ஆங்கிலத்தில் ‘நோ யுவர் கஸ்டமர்’, சுருக்கமாகக் கேஒய்சி எனப்படும் இது, பங்குத் தரகருக்குச் சொன்ன புத்திமதி. நியூயார்க் பங்குச் சந்தையின் 405ஆம் விதிக்கு ‘உன் வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ‘உன்’ என்பது அங்கே தரகரைக் குறித்தது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2002இல் வங்கிகளுக்கு இதே பெயரில் நெறிமுறை விதித்தபோதும் பேசப்பட்டவர் வங்கிக்காரர்தான். மொழிபெயர்த்தவர் யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்க்கவில்லை. மூன்று சொல்லுக்கு மூன்று சொல் வைத்தார், பின்னால் ‘படிவம்’ என்று ஒட்டினார், முடிந்தது.

‘வாடிக்கை’ என்பதிலும் ஒரு நெருடல் உண்டு. தெலுங்கில் வாடுக, கன்னடத்தில் வாடிகெ என்று உறவுச்சொற்கள் இருக்கின்றன. வழக்கம், பழக்கம் என்பதே பொருள். வாடிக்கையாக வருபவர் வாடிக்கையாளர். முதல்முறை வந்து நிற்பவர் இன்னும் வாடிக்கையாளர் ஆகவில்லை. ஆனால் இது காலத்தால் நிலைத்துவிட்ட சொல், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

என் சண்டை ‘அறிந்து’ என்பதோடு. ‘உங்கள்’ என்பதை வெட்டிவிட்டு ‘வாடிக்கையாளரை அறிதல்’ என்று வைக்கலாமே, இன்னும் சுருக்கி ‘ஆளறிதல்’ என்றால் அழகாக இருக்குமே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் ஒருவரை அறிவது என்றால் பழகித் தெரிந்துகொள்வது, அல்லது குணத்தை எடைபோடுவது. குழுத் தலைவி “நம்ம தெருப் பொண்ணுதான் சார், சின்ன வயசிலேர்ந்து தெரியும்” என்கிறாரே, அதுதான் ஆளறிதல். கடன் நிறுவனம் எதை ஏற்கக் கூடாதோ, சரியாக அதையே இந்தச் சொல் போதும் என்கிறது! குணத்தை எடைபோடுவது கடன் தகுதி பார்ப்பவரின் வேலை, அது வேறு மேசை.

பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழுள்ள விதிகளைப் படித்தால் இங்கே இரண்டு வினைகள் தனித்தனியாக நிற்பது தெரியும். ஒன்று, வந்தவர் தன்னை யாரென்று சொல்கிறார் என்று கேட்டுப் பதிவது. மற்றொன்று, அதை அவரைச் சாராத, நம்பத்தக்க ஆதாரத்தோடு ஒப்புநோக்குவது. பழகிய அறிவுக்கு இரண்டிலும் இடமில்லை. ஆகவே ‘அடையாள உறுதிசெய்தல்’ என்பதே என் பரிந்துரை. சற்று நீளம்தான். ஆனால் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘அடையாளச் சான்று அளித்தல்’ என்று சிலர் எழுதுவதில் அது இல்லை. நகலை வாங்கிக் கோப்பில் செருகினால் வேலை தீர்ந்தது என்று கள அலுவலர் நினைத்துக்கொள்வார்.

ஒரு கற்பனைப் பெண்ணை வைத்துப் பார்ப்போம். பெயர் செல்வி, அப்பா முருகன், கணவர் குமார். கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆதாரில் ‘செல்வி மு’, முகவரி பிறந்த வீடு. வாக்காளர் அட்டையில் வெறும் ‘செல்வி’, கணவர் பெயர் குமார், முகவரி இப்போதைய வீடு. பான் அட்டையில் தலைப்பெழுத்து விரிந்து ‘செல்வி முருகன்’ ஆகியிருக்கிறது. மூன்றும் அசல், மூன்றும் ஒருவரே. இப்போது குடியிருக்கும் முகவரி இருப்பதால் வாக்காளர் அட்டையை முதன்மை ஆவணமாகக் கொள்வதுதான் முறை. அசலைக் கையில் வாங்கிப் படத்தையும் முகத்தையும் பார்த்து, நகலில் அவரிடம் கையெழுத்து வாங்கி, ‘அசலோடு ஒப்புநோக்கப்பட்டது’ என்று அலுவலர் தன் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பான் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். பான் இல்லாதவரிடம் அதற்கு ஈடான வருமான வரி உறுதிமொழிப் படிவம் வாங்க வேண்டும்.

இனி வருவது தமிழ்ப் படிவத்துக்கே உரிய தொல்லை. ‘தந்தை/கணவர் பெயர்’ என்று ஒரே கட்டம், நடுவில் ஒரு சாய்கோடு. அலுவலர் குமார் என்று எழுதுவார், அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர் அதை வைத்து ‘செல்வி கு’ என்று ஆக்குவார். கடன் தகவல் நிறுவனத்தில் இந்தப் பெயரைத் தேடினால் ‘செல்வி மு’ வாங்கிய பழைய கடன் கண்ணில் படாமல் போகலாம், அல்லது ஊரில் உள்ள வேறொரு செல்வியின் கடன் வந்து விழலாம். இரண்டு கட்டமாகப் பிரித்து, தலைப்பெழுத்து யாருடையது என்றும் கேட்டு எழுதினால் இந்த வம்பு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

செல்வியிடம் ஆதார் மட்டுமே இருந்தால் அச்சிட்ட எழுத்தை நம்பக் கூடாது. அட்டையிலுள்ள கியூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியால் படித்தால் ஆணையம் மின்கையொப்பமிட்ட பெயர், பிறந்த நாள், முகவரி, படம் எல்லாம் திரையில் வரும். பிரவுசிங் சென்டரில் முகவரியை மாற்றி அச்சடித்த அட்டை இங்கே மாட்டிக்கொள்ளும். தாளில் புது முகவரி இருக்கும், திரையில் பழையதே வரும். மங்கிய நகலில் குறியீடு படியாது, அதனால் அசல் அட்டையோ நல்ல அச்சோ வேண்டும். கோப்பில் வைக்கும் நகலில் ஆதார் எண்ணை மறைத்துவிட வேண்டும்.

இன்னொரு மொழிபெயர்ப்பும் இங்கே கெடுதல் செய்கிறது. ‘அதிகாரப்பூர்வமாகச் செல்லுபடியாகும் ஆவணம்’ என்று எழுதினால், அரசு கொடுத்த ரேஷன் கார்டு செல்லாதா என்று அந்தப் பெண் கேட்பார். நியாயமான கேள்வி. ரேஷன் கார்டு செல்லும், இந்த வேலைக்கு ஏற்கப்படுவதில்லை, அவ்வளவுதான். ரிசர்வ் வங்கி நெறிகளின் பட்டியலில் உள்ளவை ஆறு: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார் வைத்திருப்பதற்கான சான்று, வாக்காளர் அட்டை, மாநில அரசு அலுவலர் கையொப்பமிட்ட நூறுநாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். ‘ஏற்கப்படும் ஆவணங்கள்’ என்று தலைப்பிட்டு இந்த ஆறையும் எழுதினால் குழப்பமே இராது. முகவரி மட்டும் பழையதாக இருந்தால் இரண்டு மாதத்துக்குள்ளான மின்கட்டண ரசீது தற்காலிகமாக உதவும். மூன்று மாதத்துக்குள் புது முகவரியுள்ள ஆவணம் கொடுத்தாக வேண்டும். வாடகை வீட்டில் ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் என்பதால் பலருக்கு இந்தச் சலுகையும் எட்டுவதில்லை.

‘சுய சான்றொப்பமிடப்பட்ட நகல்’ என்பதும் இதே குடும்பம். “நகலில் நீங்கள் கையெழுத்திட்டுத் தரவும்” என்று எழுத யாருக்கு என்ன தடை?

இந்த வேலை முழுவதையும் சேர்த்துச் சொல்லும் ‘ஆன்போர்டிங்’ கப்பலில் ஏற்றுவதிலிருந்து வந்தது. அதற்கு ‘வாடிக்கையாளர் உள்வாங்கல்’ என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். தமிழில் கடல் உள்வாங்கும், கரையில் இருப்பவர்கள் ஓடுவார்கள். பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதற்குச் சேர்க்கை என்கிறோம். களத்தில் இருப்பவர்கள் இன்றும் “இந்த வாரம் நாலு மெம்பர் சேர்த்தோம்” என்றுதான் பேசுகிறார்கள். ‘உறுப்பினர் சேர்க்கை’ என்று படிவத்தின் தலையில் போட்டு, அதற்குக் கீழே ‘அடையாள உறுதிசெய்தல்’ என்று ஒரு பகுதி வைத்தால், நிரப்புகிறவருக்கும் புரியும், கேட்கிறவருக்கும் புரியும்.